காலை 6 மணிக்குச் சுட்ட சப்பாத்தி மதியம் 1 மணிக்கும் மென்மையாக இருக்க: மாவின் ஈரம், ஊறல், கல்லின் சூடு

மதியடப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் காலை 6 மணிக்கு நான் 12 சப்பாத்திகள் சுட்டு, மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸில் வைத்து அனுப்புகிறேன். சுட்டவுடன் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மதியம் 1 மணிக்கு அவர்கள் பெட்டியைத் திறக்கும்போது ஓரங்கள் அப்பளம் போலவும் நடுப்பகுதி தோல் போலவும் ஆகிவிடுகின்றன என்கிறார்கள். சின்னவள் நேற்று ஒன்றைக்கூடத் தின்னாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

என் முறை இதுதான். கடையில் விற்கும் கோதுமை மாவு இரண்டு டம்ளர், உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். தேய்க்கும்போது பலகையில் ஒட்டக் கூடாது என்பதற்காக மாவைக் கெட்டியாகப் பிசைவேன். ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு உருண்டை பிடித்துத் தேய்ப்பேன். கருகிவிடும் என்ற அச்சத்தால் நான்ஸ்டிக் கல்லை மிதமான தீயிலும் சிறு தீயிலுமாக வைத்து நிதானமாக வேகவிடுவேன். பால், தயிர், வாழைப்பழம் என்று பலரும் பலவற்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள். நான் எதையும் சேர்க்காமல் மாவு, தண்ணீர், தீ ஆகிய மூன்றில் எங்கே தவறுகிறேன் என்பதை முதலில் அறிய விரும்புகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதே இல்லை. வெந்நீர் ஊற்றிப் பிசையுங்கள். எங்கள் வீட்டில் 30 ஆண்டுகளாக வெந்நீரில்தான் பிசைகிறோம். காலையில் சுட்டது இரவு வரை பஞ்சு போல இருக்கும். மாவை எவ்வளவு நேரம் ஊற வைக்கிறோம், தீ எப்படி எரிகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தண்ணீர் சூடாக இருந்தால் மற்றவை தாமாகச் சரியாகிவிடும்.

தினைக்கொல்லை எழுதியது:

எனக்கும் இதே தொல்லைதான். இரவே மாவைப் பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டாம் நாளே மேற்பரப்பு சாம்பல் நிறமாகிவிடுகிறது, மூன்றாம் நாள் கறுத்துப் புளிப்பு வாடையும் வந்துவிடுகிறது. மாவை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

விடுதிச்சமையல் எழுதியது:

தினைக்கொல்லை அவர்களே, தொடங்கியவர் கேட்பது சுட்ட சப்பாத்தியைப் பற்றி. உங்கள் கேள்வி பிசைந்த மாவைப் பற்றியது. ஆனாலும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தவிட்டில் இருக்கும் நொதிகள் காற்றோடு சேர்ந்து நிறத்தைக் கறுக்கச் செய்கின்றன. மேலே எண்ணெய் தடவி, காற்றுப் புகாத பாத்திரத்தில் அடக்கமாக வைத்தால் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் வைக்காதீர்கள்.

இனி மதியடப்பா அவர்களின் சிக்கலுக்கு வருகிறேன். மாணவர் விடுதி ஒன்றின் சமையற்கூடத்தை 20 ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்வையிட்டவன் நான். மாலை 5 மணிக்குச் சுடத் தொடங்கினால் கடைசி மாணவர் 9 மணிக்குத்தான் தட்டை நீட்டுவார் என்பதால், நாள்தோறும் இதே கவலைதான் எனக்கும் இருந்தது. தொடக்கத்தில் நானும் மாவில் எதைச் சேர்ப்பது என்றே தேடிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒரு தராசை வாங்கி, சுடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கும் பழக்கத்துக்கு வந்தேன். கல்லை விட்டு இறங்கும்போது சப்பாத்திக்குள் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்பதுதான் ஏழு மணி நேரம் கழித்து அது எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மாவில் ஊற்றிய நீர் ஒரு கணக்கு, கல்லில் பறிகொடுத்த நீர் இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் திருத்தினால் பலன் பாதிதான்.

டம்ளர் அளவு இதற்கு உதவாது. மாவை அழுத்தி அள்ளினால் ஓர் எடை, தளர்வாக அள்ளினால் வேறோர் எடை. ஆகவே நாளை உங்கள் முறையில் எதையும் மாற்றாமல், மாவு, தண்ணீர், பிசைந்த மொத்த மாவு, சுட்டு முடித்த 12 சப்பாத்திகள் ஆகியவற்றின் எடையைக் கிராமில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு சப்பாத்தி கல்லில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதையும் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள்.

மதியடப்பா எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். மாவு 300 கிராம், தண்ணீர் 165 கிராம், உப்பும் எண்ணெயும் சேர்த்து 5 கிராம். பிசைந்த மாவு 470 கிராம் வந்தது. 12 உருண்டைகள் என்பதால் ஒன்று ஏறக்குறைய 39 கிராம். சுட்ட பிறகு 12 சப்பாத்திகளும் சேர்ந்து 360 கிராம், அதாவது ஒன்று 30 கிராம். ஒவ்வொன்றும் கல்லில் இரண்டரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை கிடந்தது. உப்பியவை நான்குதான்.

விடுதிச்சமையல் எழுதியது:

உங்கள் எண்களே விடையைச் சொல்லிவிட்டன. நீங்கள் ஊற்றிய 165 கிராம் நீர், 12 உருண்டைகளுக்குப் பிரிந்தால் ஒன்றுக்கு 14 கிராம் வருகிறது. கல்லில் ஒவ்வொன்றும் 9 கிராம் இழந்திருக்கிறது. அந்த இழப்பு முழுவதும் நீர்தான். ஆகவே நீங்கள் ஊற்றியதில் சப்பாத்திக்குள் தங்கியது வெறும் 5 கிராம். மாவில் இயல்பாகவே இருக்கும் ஈரத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. இவ்வளவு வறண்ட சப்பாத்தியைச் சூட்டோடு தின்னும்போது குறை தெரியாது. ஆறியதும் தெரிந்துவிடும்.

இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். முதலாவது, மாவின் ஈரம். 300 கிராம் மாவுக்கு 165 கிராம் என்றால் நூற்றுக்கு 55. கல் இயந்திரத்தில் அரைத்த முழுக்கோதுமை மாவுக்கு இது மிகவும் குறைவு. நூற்றுக்கு 65 முதல் 70 வரை அது தாராளமாகத் தாங்கும். நாளை 200 கிராம் ஊற்றுங்கள். முதலில் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அதைக் கண்டு மேலும் மாவு கொட்டிவிடாதீர்கள். தவிடு நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்குக் கலந்துவிட்டு, பிசையாமலே 10 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு நான்கைந்து நிமிடம் பிசைந்தால், அதே மாவு கையை விட்டு விலகி வழுவழுப்பாக வருவதைக் காண்பீர்கள். அதன் பின்னர் மீண்டும் அரை மணி நேரம் ஊறட்டும். பிசைந்தவுடன் மாவு முறுக்கேறி இருக்கும். தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொள்ளும். சுருங்கும் மாவை நாம் அழுத்தித் தேய்ப்போம், நடுவில் தடிப்பும் ஓரத்தில் மெலிவுமாக வரும். மெலிந்த ஓரம் முதலில் காய்ந்துவிடும். உங்கள் அப்பள ஓரத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, அரைகுறையாக மேலெழ வேண்டும். உடனே எகிறி நிரம்பினால் இன்னும் ஊறவில்லை என்று பொருள்.

இரண்டாவது, கல்லின் சூடு. சிறு தீ சப்பாத்தியைக் காப்பாற்றும் என்று நம்புவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. சிறு தீயில் மேற்பரப்பு நிறம் மாறாமல் இருப்பதால் வேகவில்லை என்று எண்ணி நாம் காத்திருக்கிறோம். அந்த நேரம் முழுவதும் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. கல் நன்றாகச் சூடாக இருந்தால் மேல்தோல் சட்டென்று இறுகும், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகித் தோலுக்குள் அடைபட்டுச் சப்பாத்தியை உப்பச் செய்யும், அந்த ஆவியே உட்புறத்தை வேகவைக்கும். மொத்தமே ஒரு நிமிடம், மிஞ்சினால் 75 விநாடி. சூட்டைப் பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தெளித்த இடத்திலேயே சுருசுருவென்று பரவிக் காய்ந்தால் சூடு போதாது. முத்துப் போல் உருண்டு கல்லின் மேல் ஓடினால் போடலாம். போட்ட 10, 15 விநாடியில் மேற்புறம் நிறம் சற்று மங்கிச் சிறு கொப்புளங்கள் தலைகாட்டும். அப்போதே திருப்பிவிட வேண்டும். இரண்டாம் பக்கம் அரை நிமிடம். பிறகு மீண்டும் திருப்பித் துணியால் மெதுவாக அழுத்தினாலோ, இடுக்கியில் பிடித்து நேரடித் தீயில் காட்டினாலோ உப்பிவிடும். உப்பியதும் எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று விடும் ஒவ்வொரு விநாடிக்கும் மதியம் விலை கொடுக்க நேரும்.

இன்னொன்று: வெறும் நான்ஸ்டிக் கல்லைப் பெருந்தீயில் வைத்துக் காய்ச்சுவது அதன் பூச்சுக்கு நல்லதன்று. கனமான இரும்புக் கல் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நான் சொன்ன வெந்நீரை யாருமே பொருட்படுத்தவில்லை. 30 ஆண்டு அனுபவம் பொய்யாகிவிடுமா? எங்கள் வீட்டுச் சப்பாத்தி இரவு வரை மென்மையாக இருப்பது உண்மை.

விடுதிச்சமையல் எழுதியது:

அம்மா, பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் முறையில் உண்மை இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ஊற்றுவது கொதிக்கும் நீரா, கை பொறுக்கும் வெந்நீரா?

கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கரண்டியால் கிளறினால், மாவின் ஒரு பகுதி அந்தச் சூட்டிலேயே கூழ் காய்ச்சுவது போல வெந்துவிடுகிறது. கோதுமை மாவுச்சத்து 60 பாகைக்கு அருகில்தான் வீங்கத் தொடங்கும். வீங்கிய மாவு பச்சை மாவைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே 200 கிராமுக்குப் பதிலாக 220 கிராம் நீர் ஊற்றினாலும் பலகையில் ஒட்டாது. மென்மைக்குக் காரணம் அந்தக் கூடுதல் நீர்தான். ஆனால் கை பொறுக்கும் வெந்நீர், அதாவது 45, 50 பாகை அளவில் இருப்பது, மாவில் கலந்தவுடன் இன்னும் ஆறிவிடும். அது தவிடு விரைவாக ஊற உதவுமே தவிர மாவை வேகவைக்காது. அப்படிப் பிசைந்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்திருந்தால், பெரும்பாலும் மாவை இளக்கமாகப் பிசைந்ததுதான் காரணமாக இருக்கும்.

முழுமாவையும் கொதிநீரில் பிசைந்தால் இழுவை குறைந்துவிடும், தேய்க்கும்போது ஓரம் பிளக்கும், முழுதாக உப்புவதும் குறையும். விடுதியில் நாங்கள் கால் பங்கு மாவை மட்டும் கொதிநீரில் கிளறி ஆறவிட்டு, மீதி மாவோடு சேர்த்துப் பிசைவோம்.

வைகைக்கரை எழுதியது:

கொதிக்கும் நீர்தான். கரண்டிக் காம்பால் கிளறிவிட்டு, சூடு தணிந்த பிறகே கை வைப்பேன். எங்கள் சப்பாத்தி அவ்வளவாக உப்பாது என்பதும் உண்மைதான். நான் அதை ஒரு குறையாக எண்ணியதில்லை. நீங்கள் சொல்லும் கால் பங்கு முறையைச் செய்து பார்க்கிறேன்.

மாவுமில் எழுதியது:

திண்டுக்கல் பக்கம் மாவு அரைக்கும் மில் வைத்திருக்கிறோம். ஈரத்தைப் பற்றிப் பேசும்போது மாவைப் பற்றியும் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நூற்றுக்கு 65, 70 என்பது எல்லா மாவுக்கும் பொருந்தாது.

கல் இயந்திரத்தில் அரைக்கும்போது மாவு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகத்தான் வெளியே வரும். அந்த அழுத்தத்திலும் உராய்விலும் மாவுச்சத்தின் மணிகள் பல சிதைந்துபோகின்றன. சிதைந்த மணி முழு மணியைவிட அதிக நீர் குடிக்கும். அதனால்தான் நமது மில் மாவு இளக்கமாகப் பிசைந்தாலும் தாங்குகிறது. உருளை இயந்திரத்தில் அரைத்துப் பிறகு தவிட்டைக் கலந்து விற்கும் மாவுக்கு அவ்வளவு நீர் தேவைப்படாது.

எங்களிடம் கோதுமை கொண்டுவருபவர்களில் பலர் அதைக் கழுவி வெயிலில் காயவைத்துக் கொண்டுவருகிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு நாள் காய்ந்த கோதுமையின் மாவு மிகவும் வறண்டிருக்கும். அதே ஆள் ஐப்பசியில் அரைத்த மாவு ஈரமாக இருக்கும். போன முறை ஊற்றிய அதே தண்ணீரை இந்த முறையும் ஊற்றிவிட்டு, மில்லில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். சம்பா கோதுமையைச் சப்பாத்திக்கு அரைத்து ஏமாறுபவர்களும் உண்டு. அது ரவைக்கும் கஞ்சிக்கும் மிகவும் நன்று. ஆனால் பிசைந்தால் இழுவை போதாது. சப்பாத்திக்கு மத்தியப் பிரதேசத்துச் சர்பதி போன்ற கோதுமை பொருத்தம். விலை கூடுதல்தான்.

அரைத்து வந்த மாவைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். தாளில் பரப்பி ஆறவிட்ட பிறகு அடையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துக் கட்டி கட்டும்.

மதியடப்பா எழுதியது:

இரண்டாம் நாள் முயற்சியின் முடிவைச் சொல்கிறேன். மாவு 300, தண்ணீர் 200. 10 நிமிடம் விட்டுப் பிசைந்தேன், பிறகு அரை மணி நேரம் ஊறவிட்டேன். மாவு உண்மையாகவே வழுவழுப்பாக வந்தது. அம்மாவின் பழைய இரும்புத் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டேன். ஆனால் தேய்க்கும்போது பலகையிலும் கட்டையிலும் ஒட்டியதால், ஒவ்வொரு சப்பாத்திக்கும் மூன்று முறை உலர்ந்த மாவில் புரட்டியெடுக்க வேண்டியிருந்தது. கல்லில் போட்டபோது அந்த மாவு கருகிப் புகைந்தது. எட்டு உப்பின. மதியம் முன்பைவிட நன்றாக இருந்ததாம், ஆனால் மேற்புறம் சொரசொரப்பாகவும் கசப்பாகவும் இருந்ததாகப் பெரியவன் சொன்னான். 

ஐயா சொன்ன பழக்கத்தால், தொட்டுத் தேய்க்கும் மாவுக் கிண்ணத்தையும் முன்பும் பின்பும் நிறுத்துப் பார்த்தேன். 40 கிராம் குறைந்திருந்தது.

விடுதிச்சமையல் எழுதியது:

அந்தக் கிண்ணத்தை நிறுத்துப் பார்த்தது மிக நல்ல காரியம். 300 கிராமோடு இந்த 40 கிராமையும் கூட்டிப் பாருங்கள். 340 கிராம் மாவுக்கு 200 கிராம் நீர் என்றால் நூற்றுக்கு 59 தான் ஆகிறது. இளக்கமாகப் பிசைந்து சேர்த்த ஈரத்தில் பாதிக்கு மேல், தேய்க்கும்போதே பறிகொடுத்துவிட்டீர்கள். அதிலும் அந்த உலர்மாவு மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருப்பதால் தோலின் ஈரத்தைத்தான் உறிஞ்சும். கல்லில் உதிர்ந்த மாவு கருகி அடுத்த சப்பாத்தியில் ஒட்டும். கசப்பு அங்கிருந்து வந்தது.

உருண்டைகளைப் பிடித்த பிறகு அவற்றையும் 10 நிமிடம் மூடி வையுங்கள். பிடிக்கும்போது மாவு மறுபடியும் முறுக்கேறுகிறது. அந்த முறுக்கு தளர்ந்தால் நாலைந்து தேய்ப்பில் வட்டம் வந்துவிடும். தேய்க்கும் நேரம் குறைந்தால் ஒட்டுவதும் குறையும். உருண்டையைத் தட்டையாக்கித் தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் இருபுறமும் மாவில் ஒற்றுங்கள். கட்டையால் நடுவை அழுத்தாமல் ஓரத்தை நோக்கித் தேய்த்தால் சப்பாத்தி தானாகச் சுழலும். 16, 17 சென்டிமீட்டர் அகலம் போதும். கல்லில் போடும் முன் இரு உள்ளங்கைகளுக்கு இடையில் மாற்றி மாற்றித் தட்டி உதறுங்கள். எங்கள் வடநாட்டுச் சமையல்காரர்கள் அப்படித் தட்டும் ஒலியை வைத்தே சமையற்கூடம் தொடங்கிவிட்டதை அறிவோம். இரண்டு சப்பாத்திக்கு ஒரு முறை உலர்ந்த துணியால் கல்லைத் துடையுங்கள்.

அப்படியும் ஒட்டினால் அடுத்த நாள் தண்ணீரை 195 ஆக்குங்கள். மாவுமில் அவர்கள் சொன்னதுபோல் உங்கள் மாவுக்கு எது பொருந்தும் என்பதை ஐந்து ஐந்து கிராமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பனிக்காலம் எழுதியது:

ஜெர்மனியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு இல்லை, கண்ணாடித் தளம் கொண்ட மின்னடுப்புதான். நேரடித் தீயில் காட்டுவதற்கு வழியே இல்லாததால் எங்கள் சப்பாத்தி உப்புவதே இல்லை. இங்கே கிடைக்கும் முழுக்கோதுமை மாவும் தவிடு பெரிதாக, சொரசொரப்பாக இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்றும் மிக வறண்டிருப்பதால், தேய்த்து வைத்த சப்பாத்திகள் கல்லுக்குப் போகும் முன்பே மேலே தோல் கட்டிவிடுகின்றன.

விடுதிச்சமையல் எழுதியது:

தேய்த்து அடுக்கி வைப்பதை முதலில் நிறுத்துங்கள். தோல் கட்டிய சப்பாத்தி உப்பாது. கட்டிய தோல் இழுபடாமல் எங்காவது கீறிக்கொள்ளும், ஆவி அந்த வழியே வெளியேறிவிடும். ஒன்று கல்லில் இருக்கும்போது அடுத்ததைத் தேய்ப்பதே சரி. தனியாளாக முடியாவிட்டால் தேய்த்தவற்றை ஈரத்துணியால் மூடி, மூன்றுக்கு மேல் சேரவிடாதீர்கள்.

உப்புவதற்கு நேரடித் தீ கட்டாயமில்லை. மின்னடுப்பு சூடாக நேரமாகும் என்பதால், கனமான கல்லை முதல் சப்பாத்திக்கு முன் ஏழெட்டு நிமிடம் காயவிடுங்கள். இரண்டாம் முறை திருப்பியதும் மடித்த துணியால் ஓரத்தில் அழுத்துங்கள், நடுவில் எழும் கொப்புளம் மற்ற இடங்களுக்கு ஓடிப் பரவும். சொரசொரப்பான தவிட்டைச் சல்லடையில் சலித்து எடுத்துவிடலாம். அந்தக் கூரிய தவிடுதான் தோலைக் கிழிக்கிறது. தவிட்டை வீணாக்க மனமில்லையென்றால், அதைத் தனியே தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்துப் பிசையுங்கள்.

நெய்விளக்கு எழுதியது:

நான் சூரத்தில் பத்தாண்டுகள் இருந்தேன். அங்கே ரோட்லி என்று மிக மெல்லியதாகச் செய்வார்கள். மாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டு நன்றாக இளக்கமாகப் பிசைந்து, சுட்டவுடன் ஒவ்வொன்றின் மேலும் நெய் தடவி அடுக்குவார்கள். பல மணி நேரம் கழித்தும் துணி போல மடியும். என் அனுபவத்தில் மாவுக்குள் எண்ணெய் இருந்தால்தான் மென்மை நிற்கும். 300 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டியாவது வேண்டும்.

விடுதிச்சமையல் எழுதியது:

மேலே தடவும் நெய்யை முழுமனதோடு ஏற்கிறேன். அது ஆவியாதலைக் குறைக்கிறது, ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கிறது. மாவுக்குள் விடும் எண்ணெயில்தான் எனக்குத் தயக்கம். ஒன்றிரண்டு தேக்கரண்டி வரை நன்மை உண்டு. இரண்டு மேசைக்கரண்டி விட்டால் கடிக்கும்போது எளிதில் முறிகிறது. நம் வாய்க்கு அதுவும் மென்மையாகத் தோன்றும். ஆனால் மடித்தால் பிளக்கும், சுருட்டி உண்ண வராது. உங்கள் ரோட்லி மடிவதற்கு அதன் மெலிவும், கல்லில் கிடக்கும் குறைந்த நேரமும் காரணம் என்றே எண்ணுகிறேன்.

நெய்விளக்கு எழுதியது:

எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எண்ணெய் இல்லாமல் நான் செய்தவை மாலைக்குள் விறைத்துவிட்டன. நீர் அளவை அன்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மதியடப்பா எழுதியது:

நான்காம் நாள். மாவு 300, தண்ணீர் 200, உப்பும் எண்ணெயும் 6 கிராம். உருண்டை 42 கிராம். உருண்டைகளையும் 10 நிமிடம் மூடி வைத்தேன். தொட்டுத் தேய்த்த மாவு 12 கிராம்தான் செலவாயிற்று, அதிலும் பெரும்பகுதியைத் தட்டி உதறிவிட்டேன். ஒவ்வொன்றும் கல்லில் 70 விநாடி. பன்னிரண்டில் பதினொன்று உப்பின. சுட்ட 12 சப்பாத்திகளின் எடை 432 கிராம், ஒன்றுக்கு 36. உருண்டைக்கு 17 கிராம் நீர் ஊற்றி, 6 கிராம் இழந்து, 11 கிராம் உள்ளே தங்கியிருக்கிறது. முதல் நாள் 5 கிராம்தான் தங்கியது.

மதியம் மென்மையாக இருந்தன என்று மூவரும் சொன்னார்கள். சின்னவள் இரண்டையும் தின்றுவிட்டு வந்தாள். ஆனால் புதிதாக ஒரு குறை. பெட்டியின் அடியில் இருந்த சப்பாத்தி சொதசொதவென்று நனைந்திருந்தது. எஃகுப் பெட்டியில் சூட்டோடு வைத்து உடனே மூடினேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. மிஞ்சிய இரண்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். ஈரம் எங்கும் போக வழியில்லை. இருந்தும் இரவு எடுத்தபோது விறைத்திருந்தன. நீர்தான் எல்லாம் என்றால் இது எப்படி நேர்ந்தது?

விடுதிச்சமையல் எழுதியது:

இரண்டாம் கேள்வி நான் எதிர்பார்த்திருந்தது. முதலில் நான் "பெரும்பாலும்" என்று எழுதியதற்கு இதுவே காரணம். வெந்தபோது இளகிய மாவுச்சத்து, ஆறியபின் சிறுகச் சிறுக மறுபடியும் இறுகுகிறது. ஆறிய சோறு விறைப்பதும் இதனால்தான். நீர் ஒரு துளியும் வெளியேறாவிட்டாலும் இது நடக்கும். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், அதாவது குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மிக வேகமாக நடக்கும். அதே சப்பாத்தியைக் கல்லில் போட்டு இருபுறமும் பத்துப் பத்து விநாடி சூடு காட்டினால், தண்ணீர் தெளிக்காமலே மீண்டும் இளகும். வறண்டு விறைத்த சப்பாத்தி அப்படி இளகாது. இந்த வேற்றுமையை வைத்தே எதனால் விறைத்தது என்று நீங்கள் கண்டுகொள்ளலாம். ஆகவே அன்றே உண்ணப்போவதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். பல நாள் வைக்க வேண்டுமென்றால் உறைபெட்டியில் வையுங்கள், அங்கே இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும்.

பெட்டிக்கு வருவோம். கல்லை விட்டு எடுத்த சப்பாத்தியிலிருந்து அரை நிமிடம் வரை ஆவி வேகமாக வெளியேறும். அதை எஃகுப் பெட்டியில் உடனே மூடினால், அந்த ஆவி குளிர்ந்த மூடியிலும் அடியிலும் பட்டு நீராகி, அடிச் சப்பாத்தியை நனைத்துவிடும். திறந்து வைத்து முழுவதும் ஆறவிட்டாலோ ஈரம் போய்விடும். ஆகவே மூங்கில் தட்டின் மேலோ சல்லடையின் மேலோ அரை நிமிடம் வைத்துவிட்டு, ஹாட் பேக்கில் பருத்தித் துணியை அடியிலும் பக்கங்களிலும் வருமாறு விரித்து அடுக்கி, துணியின் முனைகளை மேலே மடித்து மூடுங்கள். மிகுந்த ஆவியைத் துணி வாங்கிக்கொண்டு, பிறகு மெதுவாகத் திருப்பித் தரும். துணி உலர்ந்ததாக இருக்கட்டும். அரை மணி நேரம் இப்படி இருந்த பிறகு, இளஞ்சூடாக இருக்கும்போதே டிபன் பாக்ஸுக்கு மாற்றுங்கள். அதன் அடியிலும் ஒரு சிறு துணியை மடித்துப் போடுங்கள். ஓரங்கள் உட்புறம் வருமாறு நான்காக மடித்து வைத்தால், மெலிந்த ஓரத்துக்கு நடுப்பகுதி ஈரம் கொடுக்கும்.

வைகைக்கரை எழுதியது:

கால் பங்கு மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்து பார்த்தேன். எங்கள் வீட்டில் முதன்முறையாக ஏழெட்டுச் சப்பாத்திகள் பந்து போல உப்பின. இரவு 8 மணிக்கு எடுத்தபோது பழைய அளவுக்கு மென்மை இருந்ததா என்றால், ஒரு மாற்றுக் குறைவு என்றே சொல்வேன். முழுமாவையும் கிளறினால் கிடைக்கும் மென்மை வேறு. உப்புவது வேண்டுமா, இரவு வரை நிற்பது வேண்டுமா என்று அவரவர்தாம் முடிவு செய்ய வேண்டும் போலிருக்கிறது.

தினைக்கொல்லை எழுதியது:

என் வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பதால் கால் பங்கு கேழ்வரகு மாவு சேர்க்கிறேன். அதற்கும் இதே நீர் அளவு பொருந்துமா?

மாவுமில் எழுதியது:

பொருந்தாது. கேழ்வரகில் கோதுமையின் இழுவை சிறிதும் இல்லை, ஆகவே ஆவியைப் பிடித்து வைக்கும் தோல் பலவீனமாகிவிடும். வைகைக்கரை அம்மாவின் வழியே உங்களுக்கு ஏற்றது. கேழ்வரகு மாவை மட்டும் கொதிநீரில் களி போலக் கிளறி ஆறவிட்டு, அதைக் கோதுமை மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். கேழ்வரகு மாவும் அதற்கு ஊற்றிய நீரும் ஒரே எடை அளவில் இருக்கட்டும். கோதுமைக்குத் தண்ணீரைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சேருங்கள்.

மதியடப்பா எழுதியது:

துணி விரித்து அரை நிமிட ஆவி போக்கி வைத்ததில் அடிச் சப்பாத்தி இன்று நனையவில்லை. நெய்விளக்கு அவர்களும் விடுதிச்சமையல் ஐயாவும் மாறுபடும் எண்ணெய்க் கணக்கை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, 150 கிராமுக்கு 100 கிராம் நீர் என்று இரண்டிலும் சமமாக வைத்து, ஒன்றில் எண்ணெய் இல்லாமலும் மற்றொன்றில் ஒரு மேசைக்கரண்டி விட்டும் ஆறு ஆறாகச் சுட்டு, தனித்தனித் துணியில் சுற்றி வைத்து, மதியம் 1 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மடித்துப் பார்க்கிறோம். எது எந்தத் துணியில் இருக்கிறது என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

நெய்விளக்கு எழுதியது:

இரண்டையும் ஒரே தடிப்பில் தேய்க்க மறவாதீர்கள். எண்ணெய் விட்ட மாவு எளிதாகப் பரவுவதால் கை தன்னையறியாமல் மெலிதாக்கிவிடும். சுட்ட பிறகு இரண்டின் எடையையும் எழுதுங்கள்.